சிம் போய்விட்டது, வாட்ஸ்அப் இன்னும் திறக்கிறது: கணக்கைப் புது நம்பருக்கு மாற்றுவது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாதிப் பேர் ஃபோனில் இரண்டு சிம் இருக்கும். ஒன்றில் நெட் பேக் போடுவோம், இன்னொன்று சும்மா கிடக்கும். வாட்ஸ்அப் பல வருடம் முன்பு அந்தச் சும்மா கிடக்கும் சிம்மில்தான் ஆரம்பித்திருப்போம். ரீசார்ஜ் விலை ஏறியதும் அதற்குப் பணம் போடுவதை நிறுத்திவிடுவோம். சில மாதத்தில் அந்த நம்பர் செத்துப்போகும். ஆனால் வாட்ஸ்அப் மட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

இந்தக் கட்டுரை அந்த நிலையில் இருப்பவர்களுக்கானது. நம்பர் கையில் இல்லை, ஓடிபி வர வழியில்லை, ஆனால் பழைய ஃபோனில் வாட்ஸ்அப் இன்னும் திறக்கிறது. ஃபோனும் சேர்த்துத் தொலைத்தவர்களுக்குக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறது. அவர்களுக்கு வழி கொஞ்சம் குறுகல்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஃபோன் அமைப்பில் போய் Clear data கொடுக்காதீர்கள். ஃபோனை ரீசெட் செய்யாதீர்கள். சர்வீஸ் கடையில் "சாஃப்ட்வேர் போட்டால் சரியாகிடும்" என்று சொன்னாலும் இந்த வேலை முடியும்வரை ஃபோனைக் கொடுக்காதீர்கள். காரணம் எளிது. கணக்கு தொடங்கும் நாளில் மட்டும்தான் வாட்ஸ்அப் நம்பருக்கு ஆறு இலக்கக் கோடு அனுப்பிச் சரிபார்க்கிறது. அதன்பிறகு அந்த ஃபோனையே நம்பிக்கொண்டிருக்கிறது. செயலியை ஒருமுறை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் மறுபடி கோடு கேட்கும். அந்தக் கோடு செத்த நம்பருக்குத்தான் போகும். அதாவது, இப்போது திறந்திருக்கும் அந்தச் செயலிதான் உங்களிடம் இருக்கும் ஒரே சாவி.

ஏன் இன்றே செய்ய வேண்டும்

வாட்ஸ்அப்தான் ஓடுகிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில் இரண்டு ஆபத்து இருக்கிறது.

முதலாவது, நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும். பயன்படுத்தாத ப்ரீபெய்ட் நம்பரை 90 நாளுக்குக் குறையாமல் காத்திருந்துதான் துண்டிக்க முடியும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. துண்டித்த பிறகும் குறைந்தது 90 நாள் கழித்துத்தான் அதைப் புது வாடிக்கையாளருக்குக் கொடுப்பார்கள். இரண்டையும் கூட்டினால் ஆறு மாதக் கணக்கு. அதன்பிறகு ஓசூர் சிப்காட்டில் வேலைக்கு வந்த யாரோ ஒருவர் புது சிம் வாங்கும்போது அது உங்கள் பழைய நம்பராக இருக்கலாம். அவர் அந்த நம்பரில் வாட்ஸ்அப் தொடங்கிய நிமிடம் உங்கள் ஃபோனில் இருக்கும் கணக்கு வெளியேறிவிடும். உங்கள் பழைய சாட் அவருக்குத் தெரியாது, அது உங்கள் ஃபோனில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் கணக்கு அதுவரை ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் இருந்த குரூப்களில் அவர் உட்கார்ந்துவிடுவார். இனி வரும் செய்தி எல்லாம் அவருக்குப் போகும். கணக்கு 45 நாள் சும்மா கிடந்து, பிறகு வேறு ஃபோனில் தொடங்கப்பட்டால் மட்டும்தான் பழைய கணக்கின் தகவலை வாட்ஸ்அப் தானே நீக்கும். நீங்கள் தினமும் பயன்படுத்துவதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

இரண்டாவது, அரசு உத்தரவு. 2025 நவம்பர் 28 அன்று மத்திய தொலைத்தொடர்புத் துறை வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் மாதிரியான செயலிகளுக்கு ஒரு உத்தரவு போட்டது. கணக்கு தொடங்கிய சிம் ஃபோனில் உயிரோடு இருந்தால்தான் செயலி ஓட வேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறைப்படுத்த 90 நாள் அவகாசம் சொன்னார்கள். சிம் இல்லாமலே செயலி ஓடும் வசதியை நம்பித்தான் கீழே சொல்லும் வழி முழுக்க நிற்கிறது. உங்கள் ஃபோனில் அது இன்னும் ஓடுகிறது என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் எந்த நம்பர் என்று பாருங்கள்

வாட்ஸ்அப் எந்த நம்பரில் இருக்கிறது என்பதே பலருக்குச் சரியாகத் தெரியாது. ரீசார்ஜ் போடும் நம்பரில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். Settings திறந்து, மேலே உங்கள் பெயரும் படமும் இருக்கும் இடத்தைத் தொட்டால் நம்பர் தெரியும். அதை +91 சேர்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் பிறகு மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, புது நம்பர். அது உங்கள் பெயரில் இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் அல்லது அழைப்பு வர வேண்டும். மகன் பெயரில், மச்சான் பெயரில் இருக்கும் சிம்மில் கணக்கைக் கட்டினால் இரண்டு வருடம் கழித்து இதே கதைதான். யார் பெயரில் என்று சந்தேகம் இருந்தால் sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளைப் பார்க்கும் பகுதி இருக்கிறது. நடப்பில் இருக்கும் நம்பரைக் கொடுத்து ஓடிபி போட்டால் பட்டியல் வரும். பழைய நம்பரும் அந்தப் பட்டியலில் இருந்தால் நல்ல செய்தி. அது இன்னும் துண்டிக்கப்படவில்லை, மீட்கவும் வாய்ப்பிருக்கிறது.

புது நம்பரில் முன்கூட்டியே வாட்ஸ்அப் தொடங்காதீர்கள். வேறு ஃபோனில், வாட்ஸ்அப் பிசினஸில், எதிலும் வேண்டாம். அவசரத்தில் பெரும்பாலோர் செய்வது இதுதான். புது நம்பரில் காலியான கணக்கு ஒன்றைத் தொடங்கிவிட்டு, பழைய சாட் எப்படி வரும் என்று கேட்பார்கள். வராது. பழைய கணக்கைப் புது நம்பருக்கு நகர்த்த வேண்டும், புதிதாக ஒன்றைக் கட்டக் கூடாது.

மாற்றும் வேலை

பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். அவர் வாட்ஸ்அப் இருப்பது இரண்டாவது சிம்மில். தை மாதத்தோடு அதற்கு ரீசார்ஜ் நின்றது, வெளியே போகும் அழைப்பு முதலில் நின்றது, பிறகு உள்ளே வருவதும் நின்றது. மண்டி விலை போடும் குரூப்பில் அவர்தான் ஒரே அட்மின். முதல் சிம் உயிரோடு இருக்கிறது, அதில்தான் நெட் போகிறது. அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

1. வைஃபை அல்லது நல்ல சிக்னல் உள்ள இடத்தில் உட்கார்ந்து, Settings → Chats → Chat backup போய் ஒருமுறை பேக்கப் எடுத்துவிட வேண்டும். மாற்றும்போது சாட் போகாது. ஆனாலும் நடுவில் ஏதாவது நின்றால் கையில் ஒன்று இருக்கட்டும்.
2. Settings → Account → Change number திறந்து Next கொடுக்க வேண்டும்.
3. மேல் பெட்டியில் பழைய நம்பர், கீழ்ப் பெட்டியில் புது நம்பர். இரண்டுக்கும் நாட்டுக் குறியீடு +91. நம்பருக்கு முன்னால் பூஜ்ஜியம் போடக் கூடாது.
4. நம்பர் மாறியதைத் தொடர்புகளுக்குச் சொல்லவா என்று கேட்கும். எல்லோருக்கும், சாட் செய்தவர்களுக்கு மட்டும், நீங்களே தேர்ந்தெடுப்பவர்களுக்கு என்று மூன்று வகை. அவருக்கு இரண்டாவது போதும். ஃபோனில் சேமித்து வைத்திருக்கும் உரக்கடை, டிராக்டர்காரர், பழைய லாரி டிரைவர் எல்லோருக்கும் அறிவிப்பு போக வேண்டிய அவசியமில்லை.
5. Done கொடுத்ததும் புது நம்பருக்கு ஆறு இலக்கக் கோடு வரும். அதைப் போட்டால் முடிந்தது.

கவனித்தீர்களா, கோடு போவது புது நம்பருக்கு மட்டும். பழைய நம்பர் இந்த ஃபோனில் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டிருப்பதால் அதற்கு எதுவும் அனுப்புவதில்லை. செத்த சிம்மோடும் இந்த வழி வேலை செய்வது இதனால்தான்.

மூன்றாவது படியில், நீங்கள் போட்ட நம்பர் கணக்கோடு பொருந்தவில்லை என்று வந்தால் பழைய நம்பரைத் தப்பாக அடித்திருக்கிறீர்கள். தாளில் எழுதியதைப் பாருங்கள். பலருக்கு இங்கே நினைவில் இருப்பது வேறு, கணக்கில் இருப்பது வேறு.

ஐந்தாவது படியில் கோடு வரவில்லை என்றால் உடனே திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். முயற்சி அதிகமானால் காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். சில நிமிடத்தில் தொடங்கி மணிக்கணக்கில் போய்விடும். எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் கவுண்டர் முடிந்ததும் அழைப்பு மூலம் கோடு கேட்கும் வழி திறக்கும். Call me கொடுத்தால் தானியங்கிக் குரல் ஆறு இலக்கத்தைச் சொல்லும். பேனாவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அஞ்செட்டி மலைப் பக்கம் இருப்பவர்கள் இந்த வேலைக்குத் தேன்கனிக்கோட்டை வரைக்கும் வந்துவிடுவது மேல். டவர் அறுந்து அறுந்து வரும் இடத்தில் கோடு தாமதமாக வரும், அதற்குள் நீங்கள் இன்னொன்று கேட்டிருப்பீர்கள், பழையது செல்லாது.

மாறிய பிறகு

சாட், படம், குரூப் எல்லாம் அப்படியே இருக்கும். நம் விவசாயி மண்டி குரூப்பில் அட்மினாகவே தொடர்வார். குரூப்களில் இவர் நம்பரை மாற்றிவிட்டார் என்ற அறிவிப்பு தானாக வரும், அதை நிறுத்த முடியாது. பழைய நம்பரில் இருந்த கணக்கு அழிந்துவிடும். நாளைக்கு அந்த நம்பரை வேறு யார் வாங்கினாலும் அவர் காலியான கணக்கோடுதான் தொடங்குவார்.

ஆனால் ஒரு வேலை மீதி இருக்கிறது. கூகுள் டிரைவில் முன்பு எடுத்த பேக்கப் பழைய நம்பரோடு கட்டப்பட்டது. பேக்கப்பைத் திரும்ப எடுக்க அதே நம்பரும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். அதனால் நம்பர் மாறிய அன்றே Chat backup போய்ப் புதிதாக ஒன்று எடுங்கள். டிரைவில் இடமில்லை என்று நின்றால், வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது 15 ஜிபி கணக்கில் சேர்கிறது என்பதுதான் காரணம். வீடியோவைச் சேர்க்கும் விருப்பத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் இடம் போதும்.

ஃபோனையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் வரிசை முக்கியம். பழைய ஃபோனில் நம்பரை மாற்றி, பேக்கப் எடுத்து, அதன்பிறகுதான் புது ஃபோனில் தொடங்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் புது ஃபோன் புது நம்பருக்கான பேக்கப்பைத் தேடும். அப்படி ஒன்று இருக்காது. பேக்கப் எதுவும் இல்லை என்று சொல்லிக் காலி கணக்கைத் திறந்துவிடும்.

கடைசியாக Settings → Account → Two-step verification போய் ஆறு இலக்க பின் போடுங்கள், மின்னஞ்சலும் கொடுங்கள். பின் மட்டும் போட்டு மின்னஞ்சல் விட்டால், மறந்த நாளில் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதே Account பக்கத்தில் Passkeys இருந்தால் அதையும் உருவாக்கிவிடுங்கள். விரல்ரேகையால் திறக்கும் இந்தச் சாவி உங்கள் கூகுள் கணக்கில் சேமிக்கப்படும். அடுத்தமுறை எஸ்எம்எஸ் வராவிட்டாலும் உள்ளே போக அது உதவும்.

ஃபோனும் போய்விட்டதா

அப்படியென்றால் Change number உதவாது. பழைய நம்பரை மீட்பது மட்டுமே வழி. ரீசார்ஜ் இல்லாமல் துண்டிக்கப்பட்ட நம்பருக்கு 15 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் அதிகபட்சம் 20 ரூபாய்க் கட்டணத்தில் அதே நம்பரை உயிர்ப்பிக்க டிராய் விதி இடம் தருகிறது. அதைத் தாண்டிவிட்டால் நிறுவனத்தின் சொந்தக் கடையில் போய்க் கேளுங்கள், தெருமுனை ரீசார்ஜ் கடையில் அல்ல. சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஆதாரோடு நேரில் வர வேண்டும். அப்பா பெயரில் வாங்கிய சிம் என்றால் அப்பா வர வேண்டும். ஓசூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கிய சிம் கர்நாடகத் தொலைத்தொடர்பு வட்டத்தைச் சேர்ந்தது. ஓசூரில் டூப்ளிகேட் கொடுப்பார்களா என்று வாடிக்கையாளர் எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் அத்திப்பள்ளி பக்கம்தான் போக வேண்டியிருக்கும்.

டூப்ளிகேட் சிம் கிடைத்த அன்றே கோடு வரவில்லை என்று பலர் பதறுகிறார்கள். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகவும் கூடாது, வரவும் கூடாது என்பது தொலைத்தொடர்புத் துறை விதி. சிம் மோசடியைத் தடுக்க வைத்தது. எஸ்எம்எஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அழைப்பு மூலம் கோடு கேளுங்கள், அழைப்புக்குத் தடை இல்லை. அல்லது ஒருநாள் பொறுங்கள். கோடு போட்டதும் இரண்டு-படி பின் கேட்டால், அது எஸ்எம்எஸ்ஸில் வருவதல்ல, நீங்களே முன்பு வைத்தது. மறந்திருந்தால் Forgot PIN கொடுத்து மின்னஞ்சல் வழியாக மாற்றலாம். மின்னஞ்சல் கொடுக்கவில்லை என்றால் அந்த ஏழு நாள்தான். பின் சரியானால், பழைய கூகுள் கணக்கையே புது ஃபோனில் சேர்த்திருந்தால், பேக்கப்பைத் திருப்பவா என்று கேட்கும். Restore கொடுங்கள். அங்கே Skip அழுத்திவிட்டால் திரும்ப அந்தக் கேள்வி வராது, செயலியை அழித்து மறுபடி போட வேண்டியிருக்கும்.

சிம் கையில் வந்து கணக்கு திறந்துவிட்டது, ஆனால் அந்த நம்பருக்குத் தொடர்ந்து ரீசார்ஜ் போட மனமில்லை என்றால், அன்றைக்கே மேலே சொன்ன Change number செய்துவிடுங்கள்.

நம்பர் ஏற்கெனவே வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டால் அந்தக் கணக்கு உங்களுக்குக் கிடையாது. எந்தக் கடைக்காரரும், 500 ரூபாய் கேட்கும் எந்த "டெக்னீஷியனும்" மீட்டுத்தர முடியாது. நம்பரை வைத்திருப்பவரிடம் "ஒரு கோடு வரும், சொல்லுங்கள்" என்று கேட்பதும் வேண்டாம். வாட்ஸ்அப் திருடுபவர்கள் கேட்பதும் இதே கேள்விதான், அவர் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அடித்தால் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

ஃபோன் திருடுபோய் அரை மணி நேரம்தான் ஆகிறது, வீட்டுக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கிறது என்றால் இன்னும் சில வேலைகளைச் செய்துகொள்ளலாம். வெப்பில் நம்பர் மாற்ற முடியாது. ஆனால் குரூப் தகவலைத் திறந்து, நம்பிக்கையான ஒருவரை அட்மின் ஆக்க முடியும், உங்கள் புது நம்பரைக் குரூப்பில் சேர்க்க முடியும், முக்கியமான சாட்டிலிருந்து முகவரி, பில் படம், கணக்கு எண் எல்லாம் எடுத்து வைக்க முடியும். இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். முதன்மை ஃபோனில் 14 நாள் திறக்காமல் இருந்தால் இணைத்த கருவிகள் தானே வெளியேறிவிடும். மேலே சொன்ன நவம்பர் உத்தரவு வெப் அமர்வை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற்றவும் சொல்கிறது. டூப்ளிகேட் சிம்மில் கணக்கைத் திறந்த நொடியும் அந்த வெப் போய்விடும். ஆக, முதலில் வெப்பில் குரூப் வேலை, பிறகு சிம் கடை.